கருப்பு முனை எங்கே இருந்தது?

திருச்சியில் டிவியும் பவர் சப்ளையும் பழுது பார்க்கும் சிறிய கடை என்னுடையது. நான், என்னோடு பல வருடங்களாக இருக்கும் மூத்த மெக்கானிக், கவுண்டரையும் உதிரிபாகங்களையும் பார்த்துக்கொள்ளும் ஒருவர், ஆக மொத்தம் மூன்று பேர். போன மாதம் ஒரு கடிதம் வந்தது. எலக்ட்ரானிக்ஸ் அண்ட் கம்யூனிகேஷனில் டிப்ளமோ முடித்த ஓர் இளைஞர், எங்கள் கடையில் அப்ரண்டிஸாகச் சேர்ந்து தொழில் கற்க விரும்புவதாக இரண்டு பக்கம் கையால் எழுதியிருந்தார். எடுத்துக்கொள்வதா வேண்டாமா என்பதில் எனக்கும் மூத்தவருக்கும் கருத்து ஒன்றாக இல்லை. அதனால் ஒரு வாரம் அந்தக் கடிதத்தை மேஜையிலேயே வைத்துத் திரும்பத் திரும்பப் படித்தேன். படிக்கப் படிக்க, அதன் நல்ல பகுதியும் மோசமான பகுதியும் ஒரே பத்தியில் பின்னிக் கிடப்பது தெரிந்தது. அதைப் பிரித்துப் பார்த்ததுதான் இந்தக் கட்டுரை. பெயரும் ஊரும் வேண்டாம். அவற்றுக்கு இங்கே வேலையில்லை.

முதல் பக்கத்தை வேகமாகக் கடந்துவிடலாம். "மதிப்பிற்குரிய ஐயா" என்று தொடங்கி, படித்த பாலிடெக்னிக், மதிப்பெண் சதவீதம், படித்த பாடங்கள், கடைசி வருடப் புராஜெக்டாகச் செய்த, செல்போனில் இயக்கும் மின்விசிறி என்று வரிசையாகப் போகிறது. கடின உழைப்பாளி, நேரம் தவறாதவர் என்ற வாக்கியங்களும் உண்டு. இவை எதுவும் பொய்யாக இருக்காது. ஆனால் இதே பக்கத்தை ஒரு கேபிள் கம்பெனிக்கும் அனுப்பலாம், ஒரு மருந்துக் கம்பெனிக்கும் அனுப்பலாம். என் மேஜையில் திறந்து கிடக்கும் போர்டைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை.

முதல் பக்கத்தின் கடைசி வரி மட்டும் என்னை நிறுத்தியது. "எல்லா வகை டிவிகளையும், குறிப்பாகப் பேனல் ரிப்பேரையும் கற்றுக்கொள்ள விரும்புகிறேன்." ஆசையில் தவறில்லை. ஆனால் எங்களைப் போன்ற கடைக்கு என்ன வருகிறது என்று அவர் விசாரிக்கவில்லை என்பது இதில் தெரிகிறது. பேனலின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் மெல்லிய ஃபிலிம் இணைப்பு விட்டுப்போனால், அதைச் சூடும் அழுத்தமும் கொடுத்து ஒட்ட தனி மெஷின் வேண்டும்; அது எங்களிடம் இல்லை. கண்ணாடி உடைந்தாலோ, புதுப் பேனலின் விலை பெரும்பாலும் புது டிவியின் விலையை நெருங்கிவிடும்; வாடிக்கையாளரிடம் அதைச் சொல்லித் திருப்பி அனுப்புவதுதான் நேர்மை. எங்களுக்குச் சோறு போடுவது பவர் சப்ளையும் பேக்லைட்டும்தான். அதற்குப் பிறகு மெயின் போர்டு, செட்டாப் பாக்ஸ் அடாப்டர், கேமராவுக்கான 12 வோல்ட் அடாப்டர். முதல் பக்கத்தை வைத்து மட்டும் முடிவு சொல்லச் சொன்னால், "இடமில்லை தம்பி" என்று ஒரு வரி எழுதி அனுப்பியிருப்பேன்.

இரண்டாம் பக்கத்தில் ஒரு பத்தி இருக்கிறது. உறவினர் வீட்டு 32 அங்குல எல்இடி டிவி ஒன்றைத் தானே திறந்து பார்த்துத் தோற்ற கதை அது. அதை அவர் சொற்களிலேயே தருகிறேன்:

"சிவப்பு லைட் விட்டு விட்டு எரிந்தது, டிவி ஆன் ஆகவில்லை. ஃபியூஸ் நன்றாக இருந்தது. மெயின் கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் வர வேண்டும் என்று படித்திருக்கிறேன். கருப்பு முனையைச் சேசிஸ் ஸ்க்ரூவில் வைத்துப் பார்த்தபோது 70, 90 என்று ஆடியது. அதனால் பிரிட்ஜ் டையோடு நான்கையும் மாற்றினேன். கழற்றும் முன் டையோடு மோடில் பார்த்தபோது நான்கும் 0.5 தான் காட்டின. மாற்றிய பிறகும் அதே 70, 90. பிறகு மாஸ்பெட், ஐசி, ஆப்டோ கப்ளர் மாற்றினேன். 12 வோல்ட் லைனில் 4 முதல் 9 வரை ஏறி இறங்கியது, சப்ளையில் டிக் டிக் என்று சத்தம் வந்தது. சரியாகவில்லை. கழற்றிய பாகங்களை ஒரு கவரில் போட்டு வைத்திருக்கிறேன். போர்டும் என்னிடம் இருக்கிறது."

மூத்தவர் இதைப் படித்ததும் கடிதத்தை என் பக்கம் தள்ளிவிட்டார். "ஒரு ஃபால்ட்டுக்கு நாலு ஐட்டம் மாத்தியிருக்கான். ஒண்ணாவது தப்புன்னு உறுதி பண்ணிட்டு மாத்தினானா? இவனை உக்கார வெச்சா நம்ம கடையில இருக்கிற போர்டெல்லாம் காலி," என்றார். அவர் சொன்னது சரியான குற்றச்சாட்டு. அதை மறுக்கப் போவதில்லை. ஆனால் அந்தப் பத்தியை ஒரு வாதமாக எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு அளவும் எதைச் சொல்கிறது என்று பார்த்தால், குற்றச்சாட்டுக்கு அடியில் வேறொன்றும் தெரிகிறது.

முதல் தவறு 70, 90 என்ற எண்ணில் இருக்கிறது. நம் வீட்டுக்கு வரும் மின்சாரம் 230 வோல்ட் மாறுமின்னோட்டம். பிரிட்ஜ் அதை நேர்மின்னோட்டமாக்கியதும் மெயின் கெப்பாசிட்டர் அந்த அலையின் உச்சிவரை, அதாவது ஏறக்குறைய 325 வோல்ட் வரை நிரம்பும். 300க்கு மேல் என்று அவர் படித்தது சரி. ஆனால் அந்த 325 கெப்பாசிட்டரின் இரண்டு கால்களுக்கு நடுவே இருப்பது. இந்த வகைப் பவர் சப்ளையில் போர்டு இரண்டு பாதியாகப் பிரிந்திருக்கும். கரண்ட் நேராக வந்து சேரும் பாதியை ஹாட் பக்கம் என்போம். டிரான்ஸ்ஃபார்மரைத் தாண்டி, மதர்போர்டுக்கு 12 வோல்ட் அனுப்பும் பாதி கோல்ட் பக்கம். இரண்டுக்கும் கிரவுண்ட் வேறு வேறு. போர்டைத் திருப்பிப் பார்த்தால் செம்புத் தடமே இல்லாத ஓர் அகழி நடுவில் ஓடுவது தெரியும். அந்த அகழியைத் தாண்டுபவை டிரான்ஸ்ஃபார்மர், ஆப்டோ கப்ளர், பெரும்பாலும் நீல நிறத்தில் இருக்கும் ஒரு சிறிய பாதுகாப்புக் கெப்பாசிட்டர் ஆகியவை மட்டும்தான். டிவியின் சேசிஸ் கோல்ட் பக்கத்தோடு சேர்ந்தது.

அவர் சிவப்பு முனையை ஹாட் பக்கத்திலும் கருப்பு முனையைச் சேசிஸிலும் வைத்தார். அப்படி வைத்தால் சுற்று மூடுவதில்லை. பாதுகாப்புக் கெப்பாசிட்டர் வழியாகக் கசிவதை மீட்டர் ஏதோ ஓர் எண்ணாகக் காட்டும். அது ஆடிக்கொண்டே இருக்கும். அடுத்த வீட்டு மொட்டைமாடியில் கயிற்றைப் பிடித்து நம் கிணற்றின் ஆழத்தை அளப்பது போன்றது அது. கருப்பு முனையை மெயின் கெப்பாசிட்டரின் மைனஸ் காலில் வைத்திருந்தால் 320க்குப் பக்கத்தில் நிலையாக நின்றிருக்கும், பிரிட்ஜைத் தொடவே வேண்டியிருந்திருக்காது. இது எங்கள் தொழிலில் புதியவர்கள் செய்யும் மிகப் பழைய தவறு. பாலிடெக்னிக்கில் ரெக்டிஃபையர் பாடம் நடக்கும்போது 230 வோல்ட்டை 12 ஆகக் குறைக்கும் இரும்பு டிரான்ஸ்ஃபார்மரைத்தான் மேஜையில் வைப்பார்கள். அதில் ரெக்டிஃபையரும் கெப்பாசிட்டரும் டிரான்ஸ்ஃபார்மருக்குப் பின்னால்தான் இருக்கும். ஒரே கிரவுண்ட். எங்கே கருப்பு முனையை வைத்தாலும் கணக்கு வரும். அந்தப் பழக்கத்தோடு ஹாட் பக்கத்துக்கு வருபவர் தடுமாறத்தான் செய்வார்.

ஆனால் இங்கேதான் கடிதம் எனக்குப் பிடிக்கத் தொடங்கியது. கருப்பு முனை எங்கே இருந்தது என்று அவர் எழுதியிருக்கிறார். அந்தச் சில சொற்கள் இல்லையென்றால் 70, 90 என்பது எனக்கு ஒரு புதிராகவே இருந்திருக்கும். அவருடைய தவறை என்னால் கண்டுபிடிக்க முடிந்ததே அவர் அதைத் தெளிவாக எழுதியதால்தான். கடைக்கு வரும் மற்ற மெக்கானிக்குகள் "ஹெச்.டி. வரல அண்ணே" என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள், எங்கே வைத்து எப்படிப் பார்த்தார்கள் என்று நாலு கேள்வி கேட்டு வாங்க வேண்டும்.

இரண்டாவது, டையோடு மோடில் நான்கும் 0.5 காட்டின என்ற வரி. சிலிக்கான் டையோடு ஒன்று நல்ல நிலையில் ஒரு திசையில் அரை வோல்ட்டை ஒட்டிக் காட்டும், மறு திசையில் காட்டாது. அதாவது கழற்றும் முன்பே பிரிட்ஜ் நன்றாக இருக்கிறது என்ற சாட்சி அவர் கையில் இருந்தது. அதை மீறி மாற்றினார். மாற்றிய பிறகும் 70, 90 அசையவில்லை. அப்போதாவது இரண்டில் ஒன்றை யோசித்திருக்க வேண்டும்: என் ஊகம் தவறு, அல்லது நான் அளக்கும் விதம் தவறு. அவர் இரண்டையும் யோசிக்காமல் அடுத்த மூன்று பாகங்களுக்குப் போய்விட்டார். சிந்தனையின் ஒழுங்கில் இது பெரிய ஓட்டை, மூத்தவர் கோபப்பட்டதும் இதற்குத்தான். ஆயினும் தன் முடிவைப் பொய்யாக்கும் இரண்டு அளவுகளையும் அவர் மறைக்கவில்லை. வேலை கேட்டு எழுதும் கடிதத்தில், விட்டுவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை என்ற நிலையில், அவற்றை அப்படியே வைத்திருக்கிறார். அளந்ததை அளந்தபடி எழுதும் பழக்கம் உள்ளவருக்கு யோசிக்கும் ஒழுங்கைக் கற்றுத்தர முடியும். எண்ணைத் தன் முடிவுக்கு ஏற்ப வளைப்பவரோடு என்னால் வேலை செய்ய முடிந்ததில்லை.

மூன்றாவதுதான் இந்தப் பத்தியின் உயிர். 12 வோல்ட் லைன் 4 முதல் 9 வரை ஏறி இறங்கியது, டிக் டிக் சத்தம். அவர் இதைக் கடைசியில், பொருட்படுத்தாமல் எழுதியிருக்கிறார். நான் முதலில் படித்திருக்க வேண்டிய வரி இது. ஏறி இறங்குகிறது என்றால் சப்ளை ஓடத் தொடங்கி, நின்று, மறுபடி தொடங்குகிறது. தொடங்குவதற்கே ஹாட் பக்கத்தில் வோல்டேஜ் வேண்டும், மாஸ்பெட் சுவிட்ச் அடிக்க வேண்டும், ஐசி உயிரோடு இருக்க வேண்டும். ஆகவே அவர் மாற்றிய பாகங்களில் ஆப்டோ தவிர்த்த மற்றவற்றின் மேல் சந்தேகப்பட அநேகமாக இடமே இல்லை என்பதை அந்த ஒரு வரியே சொல்லிவிட்டது. விடை அந்தக் கடிதத்திலேயே இருந்தது, எழுதியவருக்குத்தான் தெரியவில்லை.

இப்படித் தொடங்கித் தொடங்கி நிற்பதற்கு மூன்று காரணங்கள் முன்னுக்கு வரும். மதர்போர்டிலோ பேக்லைட்டிலோ ஷார்ட் இருந்து அது சப்ளையை இழுத்து விழ வைக்கலாம். சப்ளையின் கோல்ட் பக்கத்திலேயே ஷாட்கி டையோடு கசியலாம் அல்லது வெளியீட்டுக் கெப்பாசிட்டர் காய்ந்திருக்கலாம். மூன்றாவது, ஐசிக்கே உணவு கொடுக்கும் சிறிய கெப்பாசிட்டர் போயிருக்கலாம்.

இந்த மூன்றாவதைக் கொஞ்சம் விளக்க வேண்டும், ஏனென்றால் கடைக்கு வரும் சப்ளைகளில் இது அடிக்கடி வருவது. ஐசி ஓட அதற்கென்று ஒரு சிறிய வோல்டேஜ் தேவை. பிளக்கைச் செருகியதும் மெயின் கெப்பாசிட்டரிலிருந்து ஒரு பெரிய ரெசிஸ்டர் வழியாகச் சொட்டுச் சொட்டாக ஒரு சிறிய கெப்பாசிட்டர் நிரம்புகிறது. யுசி3842 என்ற பழைய, பலருக்கும் தெரிந்த ஐசியில் அது 16 வோல்ட் வந்ததும் ஐசி விழிக்கும். விழித்ததும் ஐசி அதிகம் குடிக்கும், சொட்டுகிற கரண்ட் போதாது. டிரான்ஸ்ஃபார்மரில் உள்ள துணைச் சுற்று உணவு தரத் தொடங்கும்வரை அந்தச் சிறிய கெப்பாசிட்டர்தான் தாங்க வேண்டும். 10 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் ஐசி மறுபடி தூங்கிவிடும். பிறகு திரும்ப நிரம்பும், விழிக்கும், இறங்கும், தூங்கும். அதுதான் டிக் டிக். 22 மைக்ரோஃபாரட் இருக்க வேண்டிய கெப்பாசிட்டர் காய்ந்து 2, 3 ஆகிவிட்டால் தாங்கும் நேரம் பத்தில் ஒன்றாகிவிடும். டிரான்ஸ்ஃபார்மருக்கும் ஹீட் சிங்குக்கும் பக்கத்திலேயே உட்கார்ந்து சூட்டில் வேகும் பாகம் அது. நம் வீடுகளில் டிவியை ரிமோட்டில் அணைத்துவிட்டுச் சுவரில் சுவிட்சைப் போட்டபடியே விடுவதால் இரவு பகலாக வேலை செய்கிறது. விலை சில ரூபாய்தான்.

மூன்றில் எது என்று கடிதத்தை வைத்துச் சொல்ல முடியாது. மதர்போர்டுக்கும் பேக்லைட்டுக்கும் போகும் கனெக்டர்களைக் கழற்றிவிட்டு அளந்திருந்தால் முதல் காரணம் உண்டா இல்லையா என்று தெரிந்திருக்கும். அதை அவர் செய்யவில்லை. 9 என்ற எண்ணையும் முழுதாக நம்ப முடியாது. சாதாரண மல்டிமீட்டர் விநாடிக்கு இரண்டு மூன்று முறைதான் எண்ணைப் புதுப்பிக்கும், நடுவில் வந்துபோகும் உச்சியைத் தவறவிட்டுவிடும். அவர் பக்கத்து வாதமும் என் பக்கத்து ஊகமும் கடிதத்தோடு முடியாது என்று பட்டது. டிவியோடு போர்டையும் கவரையும் எடுத்துக்கொண்டு ஒரு சனிக்கிழமை வரச் சொன்னேன்.

வந்ததும் முதலில் ஒரு விஷயம் கேட்டேன். "வேலை முடிஞ்சு மெயின் கெப்பாசிட்டரை எப்படி டிஸ்சார்ஜ் பண்ணீங்க தம்பி?" "ஸ்க்ரூடிரைவரை வெச்சு ரெண்டு காலையும் ஷார்ட் பண்ணேன் அண்ணே." கடிதத்தில் இது இல்லை. பாதுகாப்பைப் பற்றிக் கடிதத்தில் ஒரு சொல்கூட இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அதைப் படிக்கும்போதே நான் கவனித்திருக்க வேண்டும். 100 மைக்ரோஃபாரட், 325 வோல்ட் என்றால் அதில் ஐந்து ஜூல் ஆற்றல் இருக்கும். ஸ்க்ரூடிரைவர் நுனியை உருக்கிக் குழியாக்கவும், தடத்தைப் பெயர்க்கவும், கை திடுக்கிட்டுப் பக்கத்தில் இருப்பதில் இடிக்கவும் அது போதும். சுவிட்சிங் நின்றுபோன போர்டில் இந்தச் சார்ஜ் வடிய வழியில்லாமல் பிளக்கைப் பிடுங்கி நெடுநேரம் கழித்தும் அப்படியே நிற்கும். ஓடிக்கொண்டிருக்கும் போர்டைவிடச் செத்த போர்டு ஆபத்தானது. எங்கள் கடையில் 2.2 கிலோ ஓம், 10 வாட் ரெசிஸ்டரை இன்சுலேஷன் உள்ள இரண்டு முனைகளோடு கட்டி வைத்திருக்கிறோம். அதை ஓரிரு விநாடி பிடித்தால் வடிந்துவிடும். பிறகு மீட்டர் வைத்து வடிந்ததா என்று பார்த்த பிறகே கை.

சீரிஸ் போர்டைப் பற்றியும் அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. 100 வாட் குண்டு பல்பு ஒன்றை வரிசையில் போட்டு, அதன் வழியாகத்தான் சந்தேகப் போர்டுக்குக் கரண்ட் கொடுப்போம். ஷார்ட் இருந்தால் பல்பு முழுதாக எரியும், போர்டு பிழைக்கும். நன்றாக இருந்தால் ஒரு முறை மின்னி அடங்கும். அவருடைய போர்டைப் போட்டதும் ஒரு முறை மின்னி அடங்கியது, அதற்குப் பிறகு டிக் என்ற ஒவ்வொரு சத்தத்துக்கும் இழை லேசாகச் சிவந்து மங்கியது. ஹாட் பக்கத்தில் முழு ஷார்ட் இல்லை என்பது அளவு எடுக்கும் முன்பே தெரிந்துவிட்டது.

பிறகு பல்பை விலக்கி நேரடிக் கரண்டில், ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் வழியாக, கருப்பு முனையை மெயின் கெப்பாசிட்டரின் மைனஸில் அவரையே வைக்கச் சொன்னேன். 318. நிலையாக நின்றது. அவர் மீட்டரைப் பார்த்தார், கருப்பு முனையைப் பார்த்தார், அதைச் சேசிஸ் ஸ்க்ரூவுக்கு மாற்றிப் பார்த்தார். எண் ஆடியது. திரும்ப மைனஸுக்குக் கொண்டுவந்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை. கனெக்டர்களைக் கழற்றினோம், டிக் டிக் நிற்கவில்லை. ஆக மதர்போர்டும் பேக்லைட்டும் குற்றவாளி இல்லை. டிஸ்சார்ஜ் செய்துவிட்டு ஷாட்கி டையோடை இரண்டு திசையிலும் பார்த்தோம், ஷார்ட் இல்லை. வெளியீட்டுக் கெப்பாசிட்டர்களின் உள்தடை சரியாக இருந்தது. ஐசிக்கு உணவு தரும் கெப்பாசிட்டரைக் கழற்றி அளந்தால், மேலே 22 என்று அச்சிட்டிருந்தது, மீட்டர் 2க்கு மேல் போகவில்லை. 105 டிகிரி தாங்கும் புதிய 22 மைக்ரோஃபாரட், 50 வோல்ட் போட்டதும் 12.1 வந்து நின்றது. 10 ஓம், 25 வாட் ரெசிஸ்டரைச் சுமையாகக் கட்டி அரை மணி நேரம் ஓடவிட்டோம். அசையவில்லை.

பிறகு கவரைப் பிரித்தோம். கழற்றிய டையோடுகள் நான்கும் நல்லவை. மாஸ்பெட் நல்லது. ஐசியையும் ஆப்டோவையும் மீட்டரில் மட்டும் வைத்து நல்லது என்று சொல்ல முடியாது என்பதால் பழையவற்றையே திரும்பப் போர்டில் போட்டுப் பார்த்தோம். சப்ளை ஓடியது. ஆக அவர் மாற்றிய ஏழு பாகங்களில் ஒன்றுகூடக் கெட்டதில்லை. இதை நிரூபிக்க முடிந்தது அவர் கவரில் எடுத்து வைத்ததால்தான் என்பதும் உண்மை. தூக்கி எறிந்திருந்தால் "மாற்றியது தேவைதான், அதோடு இதுவும் போயிருக்கிறது" என்று அவரும் நினைத்துக்கொண்டிருப்பார், எனக்கும் மறுக்க ஆதாரம் இருந்திருக்காது.

ஐசியை மாற்றும்போதுதான் அது கண்ணில் பட்டது. இரண்டாம் காலின் செம்புத் தடம் பெயர்ந்து, அந்த இடத்தில் ஒரு மெல்லிய கம்பி ஜம்பராகப் போடப்பட்டிருந்தது. சூட்டைக் கூட்டிப் பிடித்து இழுத்ததில் வரும் சேதம். தேவையில்லாமல் ஒரு பாகத்தைக் கழற்றுவதன் உண்மையான விலை பாகத்தின் விலை இல்லை, இதுதான். கம்பி சரியாகத்தான் போடப்பட்டிருந்தது. ஆனால் கடிதத்தில் இது இல்லை.

"இதை ஏன் தம்பி எழுதல?"

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "அதை எழுதினா சேத்துக்க மாட்டீங்கன்னு நெனச்சேன் அண்ணே."

மூத்தவர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு நான் பதில் சொல்லியாக வேண்டும். என் மதிப்பீடு முழுவதும் அவர் எதையும் மறைக்கவில்லை என்பதன் மேல் நின்றது. இப்போது ஒன்றை மறைத்திருக்கிறார். அளவு தவறானதை எழுத அவருக்குக் கூச்சமில்லை, கை தவறியதை எழுதக் கூச்சம். எங்கள் வேலையில் இந்த இரண்டாவதுதான் பெரிய ஆபத்து. அளவு தவறினால் அடுத்தவர் மறுபடி அளப்பார். மறைத்த ஜம்பரை அடுத்தவர் தேடமாட்டார். ஆறு மாதம் கழித்து அந்தக் கம்பி விடும்போது வேறு எங்கெங்கோ பழுது தேடிக்கொண்டிருப்பார். ஆகவே இதைச் சின்ன விஷயம் என்று தள்ள மாட்டேன். ஆனால் கேட்டதும் காரணத்தை மழுப்பாமல் சொன்னார், "போர்டு வாங்கும்போதே அப்படித்தான் இருந்தது" என்று சொல்ல வாய்ப்பிருந்தும் சொல்லவில்லை. அதையும் அதே தராசில்தான் வைக்க வேண்டும்.

மூத்தவரின் இன்னொரு வாதம் டிப்ளமோ முடித்தவர்கள் தங்கமாட்டார்கள் என்பது. பத்தாவதோடு நின்றுவிட்ட பையன்கள் கையைப் பார்த்தே கற்று வருடக்கணக்கில் இருப்பார்கள், படித்தவர்கள் ஆறு மாதத்தில் கம்பெனிக்குப் போய்விடுவார்கள் என்கிறார். அவர் அனுபவத்தில் அது நடந்திருக்கிறது. ஆனால் இன்றைய சப்ளையை வெறும் கைப்பழக்கத்தில் பார்க்க முடியாது என்பதற்கு இந்தப் போர்டே சாட்சி. டிக் டிக் சத்தத்திலிருந்து ஐசியின் பசிக்கு வந்து சேர, உள்ளே என்ன நடக்கிறது என்ற படம் மனதில் வேண்டும். இந்த இளைஞரிடம் அந்தப் படத்தின் பாதி இருக்கிறது. 300க்கு மேல் வர வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. தங்குவாரா என்பதை அவரிடம் நாம் எப்படி நடந்துகொள்கிறோம் என்பதும் தீர்மானிக்கும்.

அதனால்தான் கடிதத்தின் கடைசி வேண்டுகோளை நான் ஏற்கவில்லை. "ஆறு மாதம் சம்பளம் இல்லாமல் வேலை செய்யத் தயார். முடிவில் அப்ரண்டிஸ் சான்றிதழ் மட்டும் தந்தால் போதும்" என்று எழுதியிருந்தார். இரண்டு பாதியும் தவறு. அப்ரண்டிஸ் என்ற சொல்லுக்கு 1961ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒரு பொருள் உண்டு. 2019இல் திருத்திய விதிகளின்படி 30 பேரும் அதற்கு மேலும் உள்ள நிறுவனங்கள் அப்ரண்டிஸ்களைக் கட்டாயம் எடுக்க வேண்டும், 4 முதல் 29 பேர் உள்ளவை விரும்பினால் எடுக்கலாம். மூன்று பேர் உள்ள என் கடை அந்த வட்டத்துக்குள்ளேயே வராது. நான் ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்தால் அது வேலை அனுபவக் கடிதமாக இருக்குமே தவிர, சட்டம் சொல்லும் அப்ரண்டிஸ் சான்றிதழ் ஆகாது. அந்தச் சான்றிதழ்தான் வேண்டும் என்றால், டிப்ளமோ முடித்தவர்களுக்கான தேசியப் பயிற்சித் திட்டத்தில் பதிவு செய்துகொண்டு ஒரு பெரிய நிறுவனத்தில் ஓராண்டு சேர்வதே சரி. தென் மாநிலங்களுக்கான அதன் அலுவலகம் சென்னைத் தரமணியில் இருக்கிறது. இதை மறைத்து அவரைச் சேர்த்துக்கொள்வது அவர் காலத்தைத் திருடுவது. வரும் முன்பே தொலைபேசியில் சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகும் வந்தார்.

சம்பளமில்லாத வேலையும் கூடாது. அதே 2019 விதிகள் டிப்ளமோ படித்த பயிற்சியாளருக்குக் குறைந்தது மாதம் 8,000 ரூபாய் என்று வைத்தன. சட்டம் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை என்பதற்காக அதற்குக் கீழே போக எனக்கு மனம் வரவில்லை. காசு வாங்காதவரிடம் "இந்தப் போர்டுக்கு நீதான் பொறுப்பு" என்று சொல்ல எனக்கு வாய் வராது என்பது இன்னொரு காரணம். பொறுப்பு கொடுக்காமல் இந்தத் தொழிலைக் கற்றுத்தரவும் முடியாது.

கடிதமாக மட்டும் பார்த்தால் இது சுமாரான கடிதம். முதல் பக்கம் முழுவதையும் எடுத்துவிடலாம். கடைசி வேண்டுகோள் எழுதியவருக்கே பாதகமானது. பாதுகாப்பைப் பற்றிய மௌனமும் ஜம்பரைப் பற்றிய மௌனமும் பெரிய குறைகள். நடுவில் உள்ள அந்த ஒரு பத்தி, தன் தவறைப் பிறர் கண்டுபிடிக்கும் அளவுக்குத் துல்லியமாக எழுதப்பட்டிருக்கிறது என்பதால், மற்றவற்றைத் தாண்டி நிற்கிறது. சேர்த்துக்கொள்வது என்று முடிவு செய்தேன். 8,000 ரூபாய், முதல் மூன்று மாதம் பிளக்கில் செருகிய ஹாட் பக்கத்தை மூத்தவர் பக்கத்தில் இல்லாமல் தொடக்கூடாது, உறுதியாகாமல் ஒரு பாகத்தையும் கழற்றக்கூடாது. மூத்தவர் முழு மனதோடு சம்மதிக்கவில்லை. மூன்று மாதம் கழித்துத் தன் கருத்தைச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார், அது நியாயம்.

கடையின் ஜாப் கார்டில் இதுவரை வாடிக்கையாளர் பெயர், மாடல், புகார், எடுத்த அளவு, மாற்றிய பாகம் என்று ஐந்து கட்டங்கள்தான் இருந்தன. அளவுக்குப் பக்கத்தில் "கருப்பு முனை எங்கே" என்று ஒரு கட்டமும், கடைசியில் "நம் கையால் ஆன சேதம்" என்று ஒரு கட்டமும் சேர்த்து அச்சடிக்கக் கொடுத்தேன். புதுக் கட்டு வந்த அன்று, உறவினர் வீட்டுக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டிய அந்த 32 அங்குல டிவிக்கே முதல் கார்டை அவரை எழுதச் சொன்னேன். கடைசிக் கட்டத்துக்கு வந்ததும் பேனாவைக் கொஞ்சம் நிறுத்தினார். பிறகு எழுதினார்: "ஐசி 2ஆம் கால், தடம் பெயர்ந்தது. கம்பி ஜம்பர் போட்டது நான்."